சரிவை மேடுபள்ளம் என்று காட்டும் வரைபடம்: வண்டிப்பாதை போடும்போது டி.ஆர்.ஐ. எங்கே தப்புகிறது

நாங்குநேரி வட்டத்தில், களக்காட்டு மலையடிவாரத்து மானாவாரி நிலம் ஒன்றிலிருந்து தார்ச்சாலை வரை டிராக்டரும் டிரெய்லரும் போய்வர ஒரு பாதை வேண்டும் என்று கேட்டார்கள். நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டருக்குள்தான். மண் அடித்துப் பாதை போட கையில் இருந்த பணம் கொஞ்சம். அதனால் எங்கே சமதரை, எங்கே உடைந்த தரை என்று முதலில் கணினியில் பிரித்துவிட்டு, அதன்மேல் செலவு குறைந்த வழியைத் தேடலாம் என்று உட்கார்ந்தேன். நிலத்தின் கரடுமுரடுக் குறியீடு, சுருக்கமாக டி.ஆர்.ஐ., இதற்கென்றே உள்ள கணக்கு. உயரத் தரவில் ஒரு கட்டத்தை எடுத்து, அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களோடும் உயர வித்தியாசம் பார்த்து, ஒவ்வொன்றையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி, கடைசியில் வர்க்கமூலம் எடுப்பது. விடை மீட்டரில் வரும்.

சமதரைக்குப் பச்சை, உடைந்த தரைக்குச் சிவப்பு அடித்த படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் நிலத்துக்காரர் முன்னால் விரித்தேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தம்பி, நீங்க செவப்பு அடிச்சிருக்க இடத்துலதான் எங்கப்பா காலத்துல இருந்து வண்டி போகுது. பச்சை போட்டிருக்கீகளே, அந்தப் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்க."

நடந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. கணக்கில் பிழை ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. திரையில் தெரிந்த அறிகுறியை வைத்து ஒவ்வொன்றையும் எழுதுகிறேன்.

அறிகுறி: மாவட்டம் முழுக்க "சமதரை" என்றே வருகிறது

பொத்தை என்னும் பாறைக்குன்றும் பச்சை, வயலும் பச்சை, மலைச்சரிவில் பாதியும் பச்சை. பெரும்பாலும் இதற்குக் காரணம் வகுப்பு எல்லைகளை அப்படியே எடுத்துப் போட்டதுதான். 1999-இல் ரைலியும் உடன் இருந்தவர்களும் இந்தக் குறியீட்டை வெளியிட்டபோது 0 முதல் 80 மீட்டர் வரை சமதரை, 81 முதல் 116 வரை கிட்டத்தட்ட சமதரை என்று அட்டவணை கொடுத்தார்கள். இன்றும் பயிற்சிக் குறிப்புகளில் அந்த அட்டவணைதான் சுற்றி வருகிறது. அது பெரிய பெரிய கட்டங்களுக்கும் பரந்த நிலப்பரப்புக்கும் பொருந்துவது. நம் கையில் இருப்பது 30 மீட்டர் கட்டம். இந்தக் கட்டத்தில் டி.ஆர்.ஐ. 80 வர வேண்டுமானால் தரை ஏறக்குறைய 47 பாகை சாய்ந்திருக்க வேண்டும். ஆடு ஏறவே யோசிக்கும் சரிவு அது. அட்டவணைப்படி அதுவும் சமதரை.

எல்லையை உங்கள் தரையிலிருந்தே எடுக்க வேண்டும். வண்டி தடங்கலில்லாமல் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு இடங்களையும், ஓடாது என்று தெரிந்த அதே எண்ணிக்கை இடங்களையும் கைபேசியில் குறித்துவந்து, அந்தப் புள்ளிகளில் வரைபட எண் என்ன என்று பாருங்கள். என் கோப்பில் நல்ல தரையில் 1.1 முதல் 1.6 வரை வந்தது. அது தரையின் முரடு அல்ல, தரவின் இரைச்சல். உயரத்தில் கட்டத்துக்குக் கட்டம் தற்செயலாக 0.3 மீட்டர் ஆடினால் போதும், டி.ஆர்.ஐ. சுமார் 1.2 வந்துவிடும், எட்டு வித்தியாசங்களைக் கூட்டுவதால் இரைச்சல் நாலு மடங்காகத் தெரிகிறது. இந்த அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் எண்களுக்கு அர்த்தம் தேடக் கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு தொல்லை: ஒரே கோப்பு, இரண்டு கணினி, எண்கள் மூன்று மடங்கு வித்தியாசம். GDAL நிரல் தொகுப்பின் `gdaldem TRI` கட்டளை 3.3 பதிப்புக்கு முன்னால் வில்சன் முறையில் கணக்கிட்டது. அது எட்டு வித்தியாசங்களின் சராசரி மட்டும். கடலடித் தரைக்கு வழங்குவது. 3.3-இலிருந்து சொல்லாமல் விட்டால் ரைலி முறை. சீரான சரிவு ஒன்றில் ஒரு முறை 1.1 என்று சொல்வதை மற்றது 3.7 என்று சொல்லும். பழைய கணினியில் வைத்த எல்லையைப் புதியதில் போட்டால் வயலெல்லாம் சிவக்கும். `-alg Riley` என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: வரிவரியாகக் கோடுகள்

கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். காரணம் இரண்டு, மருந்தும் வேறு வேறு.

அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் வடக்கு தெற்காகவோ கிழக்கு மேற்காகவோ சம இடைவெளியில் ஓடினால், அது பாகையிலிருந்து மீட்டருக்குக் கோப்பை மாற்றியபோது வந்தது. அருகில் உள்ள கட்டத்தை அப்படியே நகலெடுக்கும் முறையில் மாற்றினால் சில வரிசைகள் இரண்டு முறை வரும், சில விடுபடும். இரண்டு முறை வந்த இடத்தில் வித்தியாசம் பூச்சியம். படத்தில் ஒரு வெளிறிய கோடு. எதுவும் சொல்லாவிட்டால் `gdalwarp` இந்த முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். `-r cubic` சேர்த்துத் திரும்ப ஓட்டினால் கோடு போய்விடும். திருநெல்வேலி 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் யு.டி.எம். மண்டலம் 43, அதாவது `EPSG:32643`. திருச்செந்தூர்ப் பக்கம் போனால் 44 ஆகிவிடும்.

ஒரு விஷயம், டி.ஆர்.ஐ. கணக்கில் கிடைமட்டத் தூரம் வருவதே இல்லை. அதனால் பாகைக் கோப்பிலேயே ஓட்டினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஒரு விகலைக் கட்டம் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் ஏறத்தாழ ஒரே அளவு. விடையும் மோசமாக இருக்காது. ஆனால் பழைய `gdaldem` பதிப்புகளில் சரிவுக் கணக்கு அதே பாகைக் கோப்பில் அபத்தமாகிவிடும். கீழே சரிவு தேவைப்படும், ஆகவே மாற்றிவிடுவதே மேல்.

கோடுகள் வளைந்து வளைந்து, சமஉயரக் கோடுபோல் 200 மீட்டருக்கு ஒன்றாக ஓடினால் கதை வேறு. அது எஸ்.ஆர்.டி.எம். போன்ற முழு எண் தரவு. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. வழங்கப்படும் கோப்பில் உயரம் முழு மீட்டராகத்தான் இருக்கும். நூற்றுக்கு அரை என்று சரியும் வயல்வெளியில் 200 மீட்டர் போனால்தான் உயரம் 1 மீட்டர் மாறும். அந்த மாற்றம் கோப்பில் ஒரே படியாக இறங்கும். படியோரக் கட்டத்துக்கு மூன்று அண்டைக் கட்டங்கள் 1 மீட்டர் வித்தியாசப்படும், விடை √3. உங்கள் எண்களில் 0, 1, 1.41, 1.73 என்று முழு எண்களின் வர்க்கமூலமே திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். இதைச் சரிசெய்ய வழியில்லை. கோப்பர்நிகஸ் 30 மீட்டர் தரவுபோல் தசமத்தில் உயரம் தரும் கோப்புக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: நல்ல சரிவு சிவப்பு, உடைந்த தரை பச்சை

அண்ணாச்சி பிடித்தது இதைத்தான். பாதை போடுகிறவர்களுக்கு மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்.

டி.ஆர்.ஐ. அளப்பது பக்கத்துக் கட்டத்தோடு உள்ள உயர வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் தரை சாய்ந்திருப்பதால் வந்ததா, உடைந்திருப்பதால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. மலையடிவாரத்தில் முற்றம் தெளித்ததுபோல் ஒரே சீராகச் சரிந்து இறங்கும் செம்மண் நிலத்தில் நூற்றுக்கு 5 சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு 1.5 மீட்டர் இறக்கம்:

```
121.5  120.0  118.5
121.5  120.0  118.5
121.5  120.0  118.5
```

நடுக் கட்டத்துக்குச் சரிவின் மேல்புறம் மூன்று, கீழ்ப்புறம் மூன்று என ஆறு அண்டைகள் 1.5 மீட்டர் வித்தியாசம். வர்க்கம் 2.25, ஆறு மடங்கு 13.5, வர்க்கமூலம் 3.67. இனி குளத்துக்குக் கீழே, பார்வைக்கு மட்டமாகத் தெரிந்தாலும் மழைநீர் அறுத்துப்போட்ட தரை:

```
93.2  91.0  92.9
90.7  92.0  93.4
92.8  91.1  90.6
```

வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10.31, டி.ஆர்.ஐ. 3.21. டிரெய்லர் குடை சாயும் இடத்துக்கு 3.21, மாட்டுவண்டி தூங்கிக்கொண்டே போகும் இடத்துக்கு 3.67. எல்லையை எந்த எண்ணில் வைத்தாலும் இந்த இரண்டும் சரியான பக்கம் போய் விழப்போவதில்லை. எல்லையை நகர்த்தி நகர்த்தி நான் ஒரு முழு மாலை வீணாக்கினேன்.

வழி என்னவென்றால், சரிவின் பங்கைக் கழித்துவிடுவது. சீரான சரிவில் டி.ஆர்.ஐ.யின் வர்க்கம் எப்போதும் 6 × (சரிவு × கட்ட அளவு)² என்றே வரும், சரிவு எந்தத் திசையில் பார்த்தாலும். ஆக, மொத்த வர்க்கத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது உடைசல் மட்டும். முதல் தரையில் 13.5-இலிருந்து 13.5 போய்ப் பூச்சியம். இரண்டாவதில் ஒன்றரைக்கும் குறைவாகத்தான் கழிகிறது. மிச்சத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 3-ஐ ஒட்டி நிற்கிறது. இப்போது இரண்டும் எதிரெதிர் கரைக்குப் போய்விட்டன.

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -r cubic dem.tif dem_utm.tif
gdaldem TRI dem_utm.tif tri.tif -alg Riley
gdaldem slope dem_utm.tif slope.tif -p
gdal_calc.py -A tri.tif -B slope.tif --outfile=udaisal.tif \
  --calc="sqrt(maximum(A*A-6*(B*0.3)**2,0))"
```

`-p` கொடுப்பதால் சரிவு நூற்றுக்கு இத்தனை என்று வரும். அதை 100-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்குவதுதான் அந்த 0.3. கட்டம் 10 மீட்டராக இருந்தால் 0.1. `maximum` எதற்கென்றால், `gdaldem` சரிவு காணும்போது நேர் அண்டைகளுக்கு இரட்டை எடை கொடுக்கிறது. நம் சூத்திரம் எல்லாருக்கும் ஒரே எடை என்று நினைக்கிறது. அதனால் சில கட்டங்களில் கழித்தது சற்று எதிர்மறையாகப் போகும். அதைப் பூச்சியத்தில் நிறுத்தாவிட்டால் வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் கட்டம் வெறுமையாகி, வழி தேடும் நிரல் அங்கே ஓட்டை என்று நினைத்துச் சுற்றிப் போகும்.

சரிவைக் கழித்ததால் சரிவே கணக்கில் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. பாரம் ஏற்றிய டிரெய்லருக்குச் சரிவும் ஒரு செலவுதான். அதைத் தனி அடுக்காக வைத்துக்கொண்டு, தனி எடை கொடுங்கள். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் குழப்பியதுதான் முதல் படத்தின் கோளாறு.

அறிகுறி: பாதை நேரே குளத்துக்குள் போகிறது

மிச்ச அடுக்கை வைத்து வழி தேடியதும் நிரல் சந்தோஷமாக ஒரு குளத்தின் நடுவே கோடு போட்டது. ஏன் போடாது? அதைவிட மட்டமான தரை அந்தப் பக்கத்திலேயே இல்லை. உயரத் தரவைத் தயாரிக்கிறவர்கள் நீர்ப்பரப்பை ஒரே உயரமாகத் தட்டையாக்கித்தான் வெளியிடுகிறார்கள். எஸ்.ஆர்.டி.எம். எடுத்ததோ பிசான நெல் பருவம் முடிகிற பிப்ரவரி மாதம், வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்களில் தண்ணீர் கிடக்கும் காலம்.

கண்டுபிடிப்பது சுலபம். தசமத் தரவில் உண்மைத் தரை ஒருபோதும் துல்லியமான 0 காட்டாது, இரைச்சலாவது இருக்கும். வட்டமாகவோ பிறை வடிவிலோ முழுப் பூச்சியம் கிடந்தால் அது தண்ணீர். கோடையில் வற்றிய நேரத்தில் தரவு எடுக்கப்பட்டிருந்தால் பூச்சியம் வராது, ஆனால் உள்வாய் மட்டமாகவே தெரியும். அதனால் பூச்சியத்தை மட்டும் நம்பாமல், செயற்கைக்கோள் படத்தின் மேல் குளங்களை வரைந்து, அந்தக் கட்டங்களுக்குத் தடை போட்டுவிடுங்கள். குளப் புறம்போக்கில் பாதை போட எப்படியும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் குளத்தங்கரைதான் பழைய வண்டிப்பாதை. கணக்கு அதைப் பார்ப்பதில்லை. கரை 30 மீட்டர் கட்டத்துக்குள் பாதி கரைந்து, மிஞ்சியது முரட்டுத் தரையாகக் காட்டும். வண்டி போகும் கரைகளைக் கையால் வரைந்து, செலவைக் குறைத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: மட்டமான வயலுக்கு நடுவே சிவப்புச் சட்டம்

செவ்வகமாக ஒரு சிவப்பு வளையம், உள்ளே ஓரளவு அமைதி. தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், நெருங்கி நிற்கும் பனை. ரேடார் பார்த்தது தரையை அல்ல, இலையை. தோப்பின் விளிம்பில் உயரம் 4 மீட்டர் குதித்தால் ஒட்டிய கட்டத்தில் டி.ஆர்.ஐ. 6.9 வரும். பக்கத்துப் பொத்தையின் பாறைச்சரிவைத் தோற்கடிக்கும் எண் அது.

பிரித்தறிய ஒரே கேள்வி: எல்லை வரப்போடு ஒட்டி ஓடுகிறதா? நீர் அறுத்த தரை சர்வே எண் பார்த்து அறுக்காது. வரப்போடு ஒட்டினால் மரம். மரத்தையும் கட்டடத்தையும் நீக்கிய உயரத் தரவு ஒன்று `FABDEM` என்ற பெயரில் கிடைக்கிறது; ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாது, கூலிக்கு வேலை செய்கிறவர்கள் கவனிக்கவும். நான் தோப்புகளை வரைந்து, உள்ளேயும் விளிம்பிலும் வந்த எண்ணை அழித்து, சுற்றியுள்ள வயலின் எண்ணைப் போட்டேன். எத்தனையோ தோப்புகளுக்கு நடுவே வண்டித்தடம் ஏற்கெனவே இருக்கிறது.

அறிகுறி: படம் முழுக்கப் பச்சை, டிராக்டர் ஓடைக் கரையில் நிற்கிறது

இது கணக்கின் பிழை அல்ல, எல்லை. அண்ணாச்சியின் நிலத்துக்கு வடக்கே ஓர் ஓடை. 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், செங்குத்தான கரை. 30 மீட்டர் கட்டத்தில் அதன் பங்கு ஐந்தில் ஒன்று. ஆகவே கட்டத்தின் சராசரி உயரம் 0.6 மீட்டர்தான் குறையும். ஓடை நேராக ஓடுகிறது என்று வைத்தால் முன்னும் பின்னும் உள்ள இரண்டு கட்டங்களும் அதே அளவு தாழ்ந்திருக்கும், மீதி ஆறு மட்டும் வித்தியாசம் காட்டும். 0.36-ஐ ஆறு மடங்காக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.47. நல்ல தரையில் இரைச்சலாலேயே 1.6 வரை வருகிறது என்று மேலே பார்த்தோம். மனிதனை விழுங்கும் பள்ளம் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டது.

டி.ஆர்.ஐ.யை எவ்வளவு திருகினாலும் இது வெளிவராது. இரண்டு வழிதான். ஒன்று, ஓடையை வேறு அடுக்காகக் கொண்டுவருவது: புல வரைபடத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் தெரியும் ஓடைகளை வரைந்து, கடக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தரைப்பாலம் போடும் செலவைச் சேர்ப்பது. இன்னொன்று, ட்ரோன் பறக்கவிட்டு நுணுக்கமான உயரத் தரவு எடுப்பது. அதில் கட்டத்தை அரை மீட்டருக்குக் கொண்டுபோனால் வரப்பும் உழவுசாலும் சேர்ந்து சிவக்கும். டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர். கட்டத்தையும் அந்த அளவில் வைத்தால் வண்டிக்கு உறைக்கும் மேடுபள்ளம் தெரியும், மற்றது அடங்கும்.

எங்கள் பாதைக்கு ட்ரோன் கட்டுப்படியாகவில்லை. ஓடையை வரைந்து செலவு சேர்த்ததும் கோடு மேற்கே விலகி, முதல் படத்தில் சிவப்பாக இருந்த அதே செம்மண் சரிவில் ஏறி, கரை தாழ்ந்த ஓரிடத்தில் ஓடையைக் கடந்தது. அந்த இடத்தில் போய் நின்றபோது மண்ணில் இரண்டு பழைய வண்டிச்சுவடு, நடுவில் உடைமரக் கன்று முளைத்துக் கிடந்தது.

அறிகுறி: தரை மட்டம்தான், ஆனாலும் சக்கரம் புதைகிறது

ராதாபுரம் பக்கத்துத் தேரிமணலிலும், ஐப்பசி மழையில் நனைந்த கரிசலிலும் நடப்பது இது. உடைசல் அடுக்கில் இரண்டும் நல்ல பச்சை. உயரத் தரவுக்கு மண்ணின் இளக்கம் தெரியாது. மண் வகை வரைபடத்தை எடுத்து, தேரிக்கு எப்போதும், கரிசலுக்கு மழைமாதத்தில் மட்டும் என்று தனிச் செலவு போடுங்கள்.